திருவிழா அறிவிப்பும் அதன் ஆங்கிலப் படியும்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்ட வேண்டுமானால், நான் சிறுவனாக இருந்த காலத்தில் தமுக்கடிப்பவர் தெருத்தெருவாகச் சென்று கூவுவார். வெளியூரிலிருப்பவர்களுக்கு மூலையில் மஞ்சள் தடவிய அஞ்சலட்டை போகும். இன்று அந்தத் தமுக்கும் அஞ்சலட்டையும் ஒன்றாகி, வாட்ஸ்அப் குழுவில் இடும் அறிவிப்பாக உருமாறியிருக்கின்றன. ஊரிலிருப்பவரும் சென்னையிலிருப்பவரும் நியூ ஜெர்ஸியிலிருப்பவரும் அதனை ஒரே நொடியில் காண்கின்றனர். ஆயின், ஒரே நொடியில் காண்பவர் எல்லாரும் ஒரே பொருளைக் காண்கின்றனரா? அறிவிப்பின் தமிழ்ப்படி ஒன்றும், வெளிநாட்டு உறவினருக்கென ஆங்கிலப்படி ஒன்றும் எழுதும் பொறுப்பு இரண்டு ஆண்டுகள் என்னிடம் வந்தது. முதலாண்டு அதைப் பிழைபட எழுதினேன். அந்தப் பிழையிலிருந்து கற்றதையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன். ஏனெனில், இத்தகைய ஆங்கிலப்படியை எழுதித் தருமாறு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாளை உங்களைத்தான் கேட்கப் போகிறார்கள்.

முதலில் மூன்று சொற்களை அறிந்துகொள்ள வேண்டும். அவை வரி, நன்கொடை, மண்டகப்படி என்பன. இம்மூன்றும் திருவிழாவுக்குப் பணம் வரும் வழிகளே. எனினும் அவை மூன்றும் ஒன்றல்ல.

வரி என்பது தலைக்கட்டு வரி. மணமாகித் தனிக் குடும்பமாக வாழும் ஒவ்வோர் ஆடவனையும் ஒரு தலைக்கட்டு என்று எங்கள் பக்கத்தில் எண்ணுவர். ஊர்க்கூட்டம் கூடி இவ்வளவு என்று முடிவு செய்த தொகையை ஒவ்வொரு தலைக்கட்டும் செலுத்தும். செல்வரும் வறியரும் செலுத்துவது ஒரே தொகைதான். இது அரசாங்கம் வாங்கும் வரியன்று. செலுத்தாதவரைத் தண்டிக்கும் சட்டமும் இல்லை. ஆயினும் இதனைச் செலுத்துகிறவன், 'நான் இவ்வூரான். இவ்விழா என் விழா' என்று சொல்லாமற் சொல்கிறான். முளைப்பாரி எடுக்கும் உரிமை, ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை, வீட்டுக்கு வந்து சேரும் பிரசாதம் ஆகியவை எல்லாம் இந்த வரிப்பேரேட்டிலுள்ள பெயரை ஒட்டியே அமைகின்றன. இருபது ஆண்டுகளாக ஊர்ப்பக்கமே வராதவர்கள்கூட வரியை மட்டும் தவறாமல் அனுப்பி வருவதன் காரணம் இதுதான்.

நன்கொடை என்பது வேறு. அதற்கு அளவு இல்லை, கட்டாயம் இல்லை, ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்து ஊர் வணிகர் நூறு ரூபாய் தந்தாலும் அது நன்கொடையே.

மண்டகப்படி இவ்விரண்டினும் வேறானது. சுவாமி வீதியுலா வரும்போது ஒரு மண்டபத்திலோ பந்தலிலோ எழுந்தருளுவிக்கப்படுவார். அவ்வேளையில் நடக்கும் பூசை, அலங்காரம், படையல் ஆகிய செலவு முழுவதையும் ஒரு குடும்பமோ ஒரு வகுப்பினரோ ஏற்று நடத்துவதே மண்டகப்படி. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து வைகைக்கு வரும் கள்ளழகர் வழிநெடுக எத்தனையோ மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எங்கள் சிற்றூரிலோ எட்டு நாள் விழாவில் ஆறு நாள்களுக்கு ஆறு குடும்பங்கள் உரியவை. அந்த நாள் அந்தக் குடும்பத்துக்கு உரியது. தாத்தாவிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் அது வரும். இதிலே பணத்தைவிடப் பெரியது பொறுப்பு. அன்று சுவாமியை எதிர்கொண்டு தட்டேந்தி நிற்க அக்குடும்பத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இனி 2024ஆம் ஆண்டில் நடந்ததைக் கூறுகிறேன்.

அவ்வாண்டு காப்புக்கட்டு மே மாதம் 7ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. தமிழ் அறிவிப்பை நான் எழுதினேன். நாற்பதாண்டுக்காலம் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கைகள் எழுதிப் பழகிய கை. ஆகவே 'மெய்யன்பர்களே' என்று தொடங்கி, அம்மனின் அருட்சிறப்பைப் பத்து வரிகளில் பாடி, 'வரி, நன்கொடை, மண்டகப்படித் தொகைகளை விரைந்து அனுப்பி அருள் பெறுக' என்று ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிட்டேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. வரி என்பதற்கு 'டாக்ஸ்' என்று எழுதினால் யாரேனும் சினங்கொள்வர் என்று அஞ்சினான். மண்டகப்படிக்கு அகராதியில் சொல் கிடைக்கவில்லை. ஆதலால் மூன்றையும் சேர்த்து 'டொனேஷன்' என்ற ஒரு சொல்லில் அடக்கினான். 'இயன்ற தொகை எதுவாயினும் ஏற்கப்படும்' என்றும் சேர்த்தான். நாளை 07/05/2024 என்று இலக்கத்தில் குறித்தான். நான் அதனைப் படித்துப் பார்த்து, 'நன்று' என்றேன். பிழை அவனுடையதன்று, பார்த்து ஒப்பிய என்னுடையது.

மூன்றாம் நாள் மண்டகப்படி என் தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு உரியது. உள்ளூரிலேயே அவளைக் கொடுத்திருந்தோம். என் மைத்துனர் இருந்தவரையில் அந்த நாளைத் தாமே நடத்தி வந்தார். 2023 தொடக்கத்தில் அவர் காலமானார். துக்க ஆண்டாதலால் அவ்வாண்டு அந்த நாள் ஊர்ப்பொதுவில் நடந்தது. ஆகவே, அவருடைய மகன் தன் பொறுப்பில் நடத்த வேண்டிய முதல் மண்டகப்படி 2024இல் வந்தது. அவன் நியூ ஜெர்ஸியில் வேலை பார்க்கிறான். தமிழ் பேசுவான், ஆயினும் பள்ளிப்படிப்பு முழுவதும் வடநாட்டில் அமைந்ததால் தமிழ் எழுத்தைப் படிக்க அவனுக்கு வராது. அவன் கண்டது ஆங்கிலப்படி ஒன்றையே.

அவன் ஐயாயிரம் ரூபாய் அனுப்பினான். 'டொனேஷன்' என்று கேட்டார்கள், இயன்றதைக் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று மனநிறைவோடு இருந்தான். நாளைப் பார்த்தபோது, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்து, திருவிழா ஜூலை 5 என்று எண்ணிக்கொண்டான். அறிவிப்புப் போயிற்று, அறிந்திருப்பான் என்று நான் இருந்தேன். அண்ணன் சொல்லியிருப்பார் என்று தங்கை இருந்தாள். தானே மகனைக் கேட்டால் பணம் கேட்பது போல் ஆகிவிடும் என்பதும் அவள் தயக்கம்.

மே 9 மாலை சுவாமி அந்தப் பந்தலுக்கு வந்து நின்றார். எதிர்கொள்ள யாரும் முன்வரவில்லை. விழாக் குழுவினர் அவசரமாகப் பொதுப்பணத்தில் தேங்காயும் பழமும் மாலையும் வாங்கி வரச் செய்து பூசையை முடித்தனர். மைத்துனர் தலையில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டிய பரிவட்டம் அன்று குழுத் தலைவருக்குக் கட்டப்பட்டது. என் தங்கை கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் மகன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். "மாமா, மூன்றாம் நாள் எங்கள் நாள் என்று அதில் எங்கே எழுதியிருந்தது? எவ்வளவு ஆகும் என்று சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேனா?" என்றான். அந்த நாளின் செலவு பதினெட்டாயிரம் ரூபாய். அவனுக்கு அது பெரிய தொகையன்று. எழுதப்படாத ஒரு வாக்கியந்தான் குறை. அவனுக்கு விடை சொல்ல என்னிடம் சொல் இல்லை.

மறு ஆண்டு அறிவிப்பை எழுத உட்கார்ந்தபோது, ஆங்கிலப்படி என்பது மொழிபெயர்ப்பு அன்று என்பதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வேறொருவருக்கு எழுதும் வேறோர் அறிவிப்பு. ஊரிலிருப்பவன் அறிந்த பலவற்றை வெளிநாட்டிலிருப்பவன் அறியான். அவனுக்கு வேண்டிய சில செய்திகளோ ஊரிலிருப்பவனுக்கு வேண்டா. உண்மைகள் இரண்டு படிகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும், சொல்லும் முறையும் விளக்கமும் வேறுபடலாம், வேறுபடவும் வேண்டும்.

2025ஆம் ஆண்டின் தமிழ் அறிவிப்பு இவ்வாறு அமைந்தது:

"அம்மன் துணை. நம் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா 2025 மே 6, செவ்வாய்க்கிழமை (சித்திரை 23) காப்புக்கட்டுடன் தொடங்கி, மே 13, செவ்வாய்க்கிழமை மஞ்சள் நீராட்டுடன் நிறைவுறும். ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்ட பொதுச் செலவு 3,00,000 ரூபாய். தலைக்கட்டு ஒன்றுக்கு வரி 2,000 ரூபாய். 110 தலைக்கட்டுகளுக்கு வரித்தொகை 2,20,000 ரூபாய். எஞ்சிய 80,000 ரூபாய் நன்கொடையால் வர வேண்டும். நன்கொடைக்கு அளவும் இல்லை, கட்டாயமும் இல்லை. மண்டகப்படிக் குடும்பத்தார் தத்தம் நாளை ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுதி செய்க. இவ்வாண்டு இயலாதவர் அதனை முன்னரே தெரிவித்தால் ஊர்ப்பொதுவில் நடத்தப்படும், உரிமை மாறாது. வரியும் நன்கொடையும் ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்க. வரவு செலவுக் கணக்கு மே 25, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட்டு, இக்குழுவிலும் இடப்படும்."

இதன்கீழே மண்டகப்படி நாள்களும், வங்கிக் கணக்கின் விவரமும், ஐயம் கேட்பதற்குரிய இருவர் பெயரும் இருந்தன. அருட்சிறப்பைப் பாடும் பத்து வரிகளை நீக்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீண்ட செய்தியை இட்டால் முற்பகுதி மட்டுமே திரையில் தோன்றும். எஞ்சியதைக் காணத் தொட்டுத் திறக்க வேண்டும். பலர் திறப்பதில்லை. ஆகவே நாளும் தொகையும் முதலிலேயே வந்துவிட வேண்டும்.

செலவு 3,00,000 என்றால் அது எப்படி வந்தது என்று கேட்பவர் உண்டு. அதனையும் ஒரு பட்டியலாகத் தனியே இட்டோம். அன்னதானம் 90,000, பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு 75,000, நாதசுரமும் மேளமும் 45,000, பூவும் பூசைப் பொருளும் 40,000, பூக்குழி விறகும் முளைப்பாரிச் செலவும் 30,000, பூசாரிக்கும் உதவியாளருக்கும் 20,000. இவ்வளவே. முந்திய ஆண்டு, 'தாராளமாக வழங்குக' என்று கேட்டபோது பலர் வாளாவிருந்தனர். இவ்வாண்டு, 80,000 குறைகிறது என்று தெரிந்தவுடன், 'மேளச் செலவில் பாதி என்னுடையது' என்று ஒருவர் எழுதினார். இன்னது வேண்டும் என்று அறிந்தால்தான் கொடுப்பவர் கை நீளும்.

இனி ஆங்கிலப்படிக்கு வருவோம். அதில் மூன்று மாற்றங்களைச் செய்தோம்.

முதலாவது, வரி, மண்டகப்படி என்னும் சொற்களை மொழிபெயர்க்கவில்லை. அச்சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு வாக்கியம் விளக்கம் தந்தோம். 'வரி என்பது ஊரின் ஒவ்வொரு குடும்பமும் விழாச் செலவில் ஏற்கும் சமமான பங்கு; இதனைச் செலுத்துவதால் குடும்பத்தின் பெயர் ஊர்ப்பேரேட்டில் நிலைக்கும்' என்பது ஒன்று. 'மண்டகப்படி என்பது ஒரு நாள் மாலைப் பூசையைக் குறிப்பிட்ட குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தும் உரிமையும் பொறுப்பும். அன்று குடும்பத்தில் ஒருவர் நேரில் இருத்தல் வேண்டும்' என்பது மற்றொன்று. நன்கொடைக்கு மட்டும் 'டொனேஷன்' என்ற சொல்லை விட்டுவைத்தோம். அங்கே அது பொருந்தும். 'டாக்ஸ்' என்று எழுதியிருந்தால் வற்புறுத்தல் தோன்றும். எல்லாவற்றுக்கும் 'டொனேஷன்' என்றால் அயலான் இடும் பிச்சை போல் தோன்றும். ஊருக்கும் மகனுக்கும் உள்ள உறவு இவ்விரண்டும் அன்று. வேற்று மொழியில் ஒத்த சொல் இல்லாத இடத்தில் நம் சொல்லை வைத்து விளக்குவதே நேர்மையான வழி.

இரண்டாவது, நாளும் எண்ணும். 06/05/2025 என்பதை இங்கே மே 6 என்றும் அமெரிக்காவில் ஜூன் 5 என்றும் படிப்பர். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதி, கிழமையையும் சேர்த்துவிட்டால் இம்மயக்கம் அறவே நீங்கும். கிழமை ஒரு காவலாள் போன்றது. ஜூன் 5 என்று தவறாகப் படித்தவன், அது வியாழக்கிழமையாயிற்றே, அறிவிப்பில் செவ்வாய் என்று இருக்கிறதே என்று நின்று யோசிப்பான். எண்ணிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நாம் 3,00,000 என்று காற்புள்ளி இடுகிறோம். மேலை நாட்டில் 300,000 என்று இடுவர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு 'மூன்று லட்சம்' என்பது விளங்காது. 3,00,000 என்பதோ ஏதோ அச்சுப்பிழை போலத் தோன்றும். ஆங்கிலப்படியில் அவர்கள் வழக்கப்படி இட்டு, 'இந்திய ரூபாய்' என்றும் தெளிவாக எழுதினோம். டாலர்க் கணக்கை எழுதவில்லை. மாற்று விகிதம் நாள்தோறும் மாறும். எழுதினால் அடுத்த வாரமே அது பிழையாகிவிடும்.

மூன்றாவது, பணம் வந்து சேரும் வழி. ஊரிலிருப்பவர்க்கு யு.பி.ஐ. கட்டப் படம் ஒன்று போதும். வெளிநாட்டு வங்கியில் மட்டுமே கணக்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் அந்தப் படத்தைக் கொண்டு பணம் அனுப்ப இயலாது. 2023 முதல் அமெரிக்கா, சிங்கப்பூர் முதலிய பத்து நாட்டுத் தொலைபேசி எண்களோடு யு.பி.ஐ. வசதியை இணைக்க வழி செய்தனர். ஆனால் அதற்கும் இந்திய வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியர்க்குரிய கணக்கு வேண்டும். ஆகவே கணக்கு எண், வங்கிக் கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவற்றையும் எழுத்தாகக் கொடுத்தோம். எழுத்தாக என்பதைக் கவனியுங்கள். முந்திய ஆண்டு அம்மன் படத்தின்மேல் மஞ்சள் எழுத்தில் கணக்கு எண்ணைப் பொறித்து, அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்தோம். படத்திலிருந்து எண்ணை எடுத்து ஒட்ட முடியாமல், பார்த்துப் பார்த்துத் தட்டியவர் இருவர் குறியீட்டில் தவறினர். அக்குறியீட்டில் பதினொரு இடங்கள் உண்டு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள்; ஐந்தாவது எப்போதும் பூச்சியமே; இறுதி ஆறும் கிளையைக் குறிப்பவை. அந்தப் பூச்சியத்தை 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாக எண்ணியதே அவர்கள் தவறியதன் காரணம்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது இதனினும் முக்கியம். எங்கள் கணக்கு விழாக் குழுவின் பெயரில் உள்ளது. பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும். 'பணம் அனுப்புமுன் திரையில் இன்ன பெயர் தோன்றும். வேறு பெயர் தோன்றினால் நிறுத்திவிட்டு எங்களை அழையுங்கள்' என்று இரண்டு படிகளிலும் எழுதினோம். காரணம் இது: அறிவிப்பு ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்குக் கைமாறிக் கைமாறிச் செல்லும். இடையில் எவனேனும் படத்தை மட்டும் மாற்றிவிட்டால், சொற்கள் எல்லாம் நம்முடையவையாகவே இருக்கும். பணம் மட்டும் அவனிடம் போகும். அழைக்கும்போதும், வந்த செய்தியிலுள்ள எண்ணை அழைத்தல் கூடாது. முன்னரே நம்மிடமுள்ள எண்ணையே அழைத்தல் வேண்டும். மாற்றியவன் தொலைபேசி எண்ணையும் மாற்றியிருப்பான் அல்லவா?

நம் அறிவிப்பிலேயே பிழை நேர்ந்துவிட்டால் என் செய்வது? வாட்ஸ்அப்பில் இட்ட செய்தியைப் பதினைந்து நிமிடங்களுக்குள் மட்டுமே திருத்த முடியும். அதன்பின் திருத்தவும் இயலாது. அதற்குள் பிறர் எடுத்துச் சென்ற படிகள் நம் கைக்கு அகப்படவும் மாட்டா. ஆகவே தலைப்பிலேயே 'முதற் படி' என்று குறித்து, பிழை கண்டால் 'இரண்டாம் படி. முதற் படியை நீக்கிவிடுக' என்று புதிதாக இடுவதே முறை. இரண்டு மொழிப் படிகளையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நாங்கள் இட்டோம்.

இனிச் சொல்லப்போவது சட்டம் பற்றியது. பலர் இதனை அறியாமலே தவறிழைக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாம் ஒரு வகையன்று. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் இவ்வூரில் பிறந்தவராயினும், அது வெளிநாட்டு நன்கொடையே. இந்திய வம்சாவளியினர்க்குரிய ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதாலும் இது மாறுவதில்லை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, சமயப் பணி செய்யும் அமைப்பு எதுவாயினும், மத்திய அரசின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதனைப் பெறலாகாது. பதிவு பெற்றாலும், 2020இல் வந்த திருத்தத்தின்படி, புது தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கெனத் தனிக் கணக்குத் தொடங்கி அதில்தான் முதலில் பெற வேண்டும். 110 தலைக்கட்டு உள்ள ஊரின் விழாக் குழுவுக்கு இவை எட்டாதவை. எனவே ஆங்கிலப்படியில் மட்டும் ஒரு வாக்கியம் சேர்த்தோம்: 'இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் மட்டும் இக்கணக்குக்கு அனுப்புக, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நம் உறவினர் அன்புகூர்ந்து அனுப்ப வேண்டா, காரணம் சட்டமே.' உறவினர் ஒருவர் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் குழுவிடம் சேர்ப்பித்தால் என்ன என்று சிலர் கேட்டனர். மகன் தாயின் செலவுக்கு அனுப்புவது ஒன்று. குழுவுக்குச் சேர வேண்டிய பணத்துக்குத் தாயின் கணக்கை வழியாக்குவது மற்றொன்று. தணிக்கையாளரைக் கேளாமல் அவ்வழியில் இறங்குதல் கூடாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கோயில் ஊர்ப்பொதுவில் நடப்பது. உங்கள் ஊர்க் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் ஆட்சியில் இருக்குமாயின், கோயிலின் பெயரால் பணம் திரட்டுமுன் செயல் அலுவலரைக் கண்டு ஒப்புதல் பெற்று, கோயிலின் இரசீதுக்கே பணம் சேருமாறு செய்தல் வேண்டும். அதன் பின்னரே வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வரலாம்.

2025இல் என்ன விளைந்தது என்று கேட்பீர்கள். நியூ ஜெர்ஸியிலிருந்து என் மருமகன் ஏப்ரல் முதல் வாரத்திலேயே, 'மூன்றாம் நாள் எங்கள் நாள். உறுதி' என்று குழுவில் எழுதினான். இந்தியக் கடவுச்சீட்டு உடையவனாதலால், தன் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து வரி 2,000 ரூபாயைத் தனியே, மண்டகப்படிச் செலவைத் தனியே அனுப்பினான். விடுப்புக் கிடைக்காமையால் அவனால் வர முடியவில்லை. மே 8 மாலை சுவாமி வந்தபோது என் தங்கையே தட்டேந்தி எதிர்கொண்டாள். பரிவட்டத்தை அவள் கையில் கொடுத்தனர். அதனை மடித்து, மகன் வரும்போது கொடுக்கவென்று பெட்டியில் வைத்திருக்கிறாள்.

எல்லாம் இனிதே முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. இலண்டனிலிருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். ஆங்கிலப்படியைக் கண்டு மனம் புண்பட்டு, "அப்படியானால் நான் இவ்வூரான் இல்லையா, ஐயா?" என்று என்னைக் கேட்டார். சட்டத்தை விளக்கினேன்; விளங்கிற்று என்றார்; ஆயினும் குரலில் வருத்தம் இருந்தது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் இதனை வைத்தேன். சட்டத்தால் வரி பெறக் கூடாதவர்களின் பெயரைப் பேரேட்டிலிருந்து எடுப்பதில்லை என்றும், அவர்கள் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று எழுதுவதில்லை என்றும் ஊரார் முடிவு செய்தனர். பேரேட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அவருடைய பெயர், அவர் தந்தையின் பெயருக்கு அடுத்த வரியில், வழக்கம்போல் இருந்தது. அடுத்த ஆங்கிலப்படியில் அந்த முடிவையும் ஒரு வாக்கியமாகச் சேர்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.